ஷார்ட்லிஸ்ட்டில் பெண்கள்: பெயரை மறைப்பதா, இடம் ஒதுக்குவதா, வடிகட்டியை மாற்றுவதா?

ஒரு பேக்எண்ட் டெவலப்பர் வேலைக்கு 120 பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்கள் 100, பெண்கள் 20. ரெஸ்யூமே பார்த்து வடிகட்டியதும் ஆண்களில் 30 பேர், பெண்களில் 2 பேர் மிஞ்சுகிறார்கள். அதாவது 30 சதவீதத்துக்கு எதிராக 10 சதவீதம். இந்த இடைவெளியை எங்கே சரிசெய்வது?

பெயரை மறைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பெயரை மறைத்தாலும் மூன்று வருட வேலை இடைவெளி ரெஸ்யூமேயில் அப்படியே தெரியும்; அது ஏன் வந்தது என்பதுதான் தெரியாது. பிரான்சில் 2010 வாக்கில் இதைச் சோதித்தபோது, அதில் தாமாகச் சேர்ந்த நிறுவனங்களில் புலம்பெயர்ந்த பின்னணி கொண்டவர்களுக்கு நேர்காணல் வாய்ப்பு குறையவே செய்தது.

அடுத்தது இடம் ஒதுக்குவது. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 2003-இல் கொண்டுவந்த ரூனி விதி இந்த வகை: தலைமைப் பயிற்சியாளர் பணிக்குச் சிறுபான்மையினர் ஒருவரையாவது நேர்காணல் செய்தாக வேண்டும். இதில் ஆள் முன்பே முடிவாகியிருந்தால் நேர்காணல் வெறும் சம்பிரதாயமாகிவிடும். 2020-இல் அந்த எண்ணிக்கை இரண்டானது. இந்த வழியைத்தான் எடுப்பதென்றால் இரண்டு பேராவது வேண்டும் என்பேன். தனியாக ஒரு பெண் இருந்தால் அவர் பெண் என்பதுதான் முதலில் கண்ணில் படும்.

என் தேர்வு மூன்றாவது வழி. அந்த 18 பெண்கள் எந்த நிபந்தனையில் விழுந்தார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். 'இடைவெளி இல்லாத ஐந்து வருட அனுபவம்' மட்டுமே 11 பேரை வெளியே தள்ளியிருந்தால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: வேலைக்கு அது எதற்கு? தேவை மெதுவாக ஓடும் ஒரு டேட்டாபேஸ் க்வெரியைச் சீராக்கும் திறன் என்றால், அதையே ஒரு மணி நேரச் சோதனையாக எல்லாருக்கும் கொடுக்கலாம். தேர்ச்சி மதிப்பெண்ணை விடைகள் வருவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். யார் தேறினார்கள் என்று பார்த்த பிறகு அதைத் தொட்டால், தரம் இறங்கியது என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் இருக்காது. விடைகளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்தட்டும். பெயரை மறைப்பது இங்கேதான் உண்மையில் உதவும், ஏனென்றால் விடைத்தாளில் வாழ்க்கைக் கதை கிடையாது.

செலவு இதில்தான் அதிகம். 120 விடைகளைத் திருத்த ஆள் வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பெரிய வேலையாக அது நீண்டுவிட்டால், குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்கள்தான் முதலில் விலகுவார்கள். சோதனையைத் தொடங்கி முடிக்காதவர்களை ஆண், பெண் என்று பிரித்து எண்ணினாலே அது தெரிந்துவிடும்.

அப்புறம் ஒரு எல்லையும் உண்டு. 120 பேரில் பெண்கள் 3 பேர்தான் என்றால் வடிகட்டியை மாற்றிப் பெரிய பலன் வராது. அப்போது கோளாறு விளம்பரத்திலும் ஆள் தேடிய இடத்திலும் இருக்கிறது. ஊழியர்களின் பரிந்துரையை மட்டும் நம்பியிருந்தால், இப்போதுள்ள குழுவைப் போன்றவர்களே திரும்பத் திரும்ப வருவார்கள்.