ஊரில் கைரேகை வங்கி, சிங்கப்பூரில் நான்: சில வருட அனுபவம்

நான் துவாஸ் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். அம்மா பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். வங்கிக் கிளைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். அதனால் நான் அனுப்பும் பணத்தில் மாதச் செலவுக்கு வேண்டியதைத் தெருமுனையில் இருக்கும் வங்கி முகவரிடம்தான் எடுக்கிறார். ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடையிலேயே ஒரு மேசை, அதில் ஒரு கைரேகை மெஷின். எங்கள் ஊரில் மினி பேங்க் என்றால் அதுதான். என்னோடு தங்கியிருக்கும் பலரின் வீட்டிலும் இதே ஏற்பாடுதான் என்பதால், இத்தனை வருடத்தில் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பணம் எடுக்க நல்ல வசதி, ஒழுங்காக ரசீது வாங்கினால். பணம் போட, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டும்.

அந்த மெஷினில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கார்டு கிடையாது, பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. ஆதார் எண், எந்த வங்கி என்ற தேர்வு, விரல் ரேகை, இந்த மூன்றே போதும். தொகையைத் தட்டுவது முகவர், வங்கியைத் தேர்ந்தெடுப்பது முகவர், திரையும் பெரும்பாலும் அவர் பக்கமே திரும்பியிருக்கும். நம் பக்கம் இருப்பது விரல் மட்டும். இரண்டு வங்கிகளில் கணக்கு வைத்து இரண்டிலும் ஆதார் இணைத்திருந்தால், எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்பதே அவர் தட்டும் பெயரைப் பொறுத்தது. அதனால் விரல் வைப்பதற்கு முன் திரையைத் திருப்பச் சொல்லி வங்கிப் பெயர், தொகை, எடுப்பதா இருப்பு பார்ப்பதா என்ற மூன்றையும் பார்த்துவிடுவது அம்மாவுக்கு இப்போது பழக்கம். மெஷினில் சிவப்பு விளக்கு ஒவ்வொரு முறை எரியும்போதும் அது தனி ஒரு அனுமதி. "இது எதுக்குப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு வெள்ளிக்கிழமை சிக்கல் வந்தது. அறுவடை ஆட்களுக்குக் கூலி கொடுக்க அம்மா 5,000 ரூபாய் எடுக்கப் போனார். கணக்கில் 18,400 இருந்தது. விரல் வைத்தார், சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று வந்தது. "சர்வர் மாட்டிக்கிச்சு பெரியம்மா, இன்னொரு தடவை வைங்க" என்றார் கடைத் தம்பி. வைத்தார். இந்த முறை போயிற்று, 5,000 கையில் வந்தது, ரசீதும் வந்தது. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால் இரண்டு எஸ்எம்எஸ். ஒன்றில் மீதி 13,400, அடுத்ததில் 8,400.

இதில் தம்பி ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். பணம் கணக்கிலிருந்து கழிந்து, அந்தத் தகவல் திரும்பி மெஷினுக்கு வந்து சேராமல் போவது இந்த முறையில் நடக்கக்கூடியதுதான். ஆனால் வெற்றியான பரிவர்த்தனையைத் தோல்வி என்று சொல்லிப் பணத்தை வைத்துக்கொள்கிற முகவர்களும் இருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் காட்டுவது ரசீது ஒன்றே. அதுவும் தோல்வியான பரிவர்த்தனையின் ரசீது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை.

மறுநாள் காலை அம்மாவைத் திரும்ப அனுப்பினேன். முகவரின் கணக்கில் அன்றைய பரிவர்த்தனைப் பட்டியல் இருக்கும், தோற்றதும் அதில் இருக்கும், அதை அச்சடித்துக் கொடுக்கச் சொல்லச் சொன்னேன். கொஞ்சம் முனகினாலும் கொடுத்துவிட்டார். ரசீதில் தேதி, நேரம், தொகை, மெஷின் எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், அப்புறம் RRN என்று போட்டு பன்னிரண்டு இலக்க எண். புகாருக்கு உயிர் அந்த எண்தான். அம்மாவின் வங்கிக்கு அந்த எண், தேதி, தொகை, இரண்டு எஸ்எம்எஸ் படம், "ஒரு முறைதான் பணம் கிடைத்தது" என்ற ஒரு வரி, இவ்வளவோடு புகார் எழுதினோம். ரசீதைப் பார்த்த பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. அன்றைக்கு அவர் பயன்படுத்தியது அம்மாவின் வங்கி கொடுத்த மெஷின் இல்லை, கடையில் இருந்த வேறொரு வங்கியின் மெஷின். அப்படி இருந்தாலும் புகார் கொடுக்க வேண்டியது நம் கணக்கு இருக்கும் வங்கியில்தான், அந்த வங்கி மற்றதைக் கேட்டுக்கொள்ளும். மெஷின்காரரைப் பிடித்துக்கொண்டு அலைவதில் பயனில்லை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதி ஒன்று இங்கே கைகொடுக்கும். ஆதார் வழிப் பரிவர்த்தனையில் கணக்கில் கழிந்து மெஷினுக்கு உறுதி வராமல் போனால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு இழப்பீடு. எங்களுக்கு அந்தக் கெடுவுக்குள்ளேயே 5,000 திரும்பி வந்துவிட்டது. வராமல் போயிருந்தால், வங்கிக்குப் புகார் கொடுத்து முப்பது நாள் ஆன பிறகு ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டே எழுதலாம் என்பது நமக்கு வசதி.

அதிலிருந்து வீட்டில் ஒரே விதி. முதல் முறை தோற்றால், மறுபடி விரல் வைக்கும் முன் எஸ்எம்எஸ் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், தோற்றதற்கும் ரசீது வாங்க வேண்டும். "பேப்பர் ரோல் தீர்ந்துவிட்டது" என்றால் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். கையால் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுக்கு ஒரு மதிப்பும் இல்லை. ரசீதுத்தாள் வெப்பத்தில் அச்சாகிறது, கொஞ்ச நாளில் வெளுத்து வெற்றுத்தாள் ஆகிவிடும். அதனால் அம்மா கடை வாசலிலேயே படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார்.

பணம் போடும் விஷயம் வேறு. நாம் 3,000 போட்டால், அந்த நொடியிலேயே முகவரின் வங்கிக் கணக்கிலிருந்து 3,000 கழிந்து நம் கணக்கில் ஏற வேண்டும். அவர் கணக்கில் இருப்பு இல்லையென்றால் மெஷின் ஏற்காது. இதைத் தெரிந்துகொண்டால் "காசைக் கொடுத்துட்டுப் போங்க, சாயந்திரம் ஏத்திடறேன்" என்ற பேச்சின் பொருள் விளங்கிவிடும். அது வங்கியில் போட்ட பணம் இல்லை, அவருக்குக் கொடுத்த கைமாற்று. எங்கள் தெருவில் ஒருவர் இப்படிக் கொடுத்துக் கொடுத்து, முகவர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். அவர் கடையை மூடிய பிறகு வங்கியில் போய்க் கேட்டால், பதிவே இல்லை என்றார்கள். அம்மா பால் பணத்தைப் போடும்போது முதலில் திரையில் தன் பெயர் வருகிறதா என்று பார்ப்பார், எண்ணிய நோட்டு கையிலேயே இருக்கும், ரசீது ஓடி வெளியே வரும்போதுதான் மேசைக்குப் போகும். பாஸ்புக்கில் பேனாவால் எழுதித் தருவதை வாங்கவே மாட்டார். எப்போதாவது கிளைக்குப் போகும்போது அச்சுப் போட்டுவந்து ரசீதுப் படங்களோடு நான் ஒத்துப் பார்க்கிறேன்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. முகவருக்குக் கமிஷன் கொடுப்பது வங்கி. வாடிக்கையாளரிடம் அவர் நேரடியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொண்டு கொடுத்தால் வங்கியில் சொல்லலாம். அம்மா டீக்குப் பத்து ரூபாய் கொடுப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை, அது வேறு கதை.

இனி விரல். மெஷினில் வைத்த ரேகை உள்ளேயே பூட்டப்பட்டு ஆதார் சர்வருக்குப் போகிறது, முகவரிடம் தங்காது. ஆபத்து வேறு பக்கம். காகிதத்தில் வைத்த பெருவிரல் ரேகையிலிருந்து சிலிக்கானில் போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் இந்தியாவில் உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களில் ரேகையும் ஆதார் எண்ணும் சேர்ந்தே இருந்தது திருடர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஆகவே முகவர் கடையில் காகிதத்திலோ நோட்டிலோ ரேகை வைப்பதில்லை, ஆதார் ஜெராக்ஸ் விட்டுவிட்டு வருவதில்லை. எடுத்து முடித்ததும் அம்மா முந்தானையால் கண்ணாடியை ஒரு துடைப்பு துடைத்துவிடுவார். அடுத்தவருக்கும் அது நல்லதுதான், அழுக்குக் கண்ணாடியில் ரேகை சரியாகப் பதியாது. வயல் வேலை செய்த கைகளுக்கு ரேகை தேய்ந்திருக்கும். கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைத்துப் பார்க்கலாம். பெருவிரல்தான் வேண்டும் என்பதில்லை.

உண்மையான காவல், ரேகையை ஆதாரிலேயே பூட்டி வைப்பது. எம்-ஆதார் செயலியில் பூட்டிவிட்டால் யார் விரல் வைத்தாலும், அசல் விரலே ஆனாலும், மெஷின் மறுத்துவிடும். பணம் எடுக்கப் போகும்போது தற்காலிகமாகத் திறந்தால் பத்து நிமிடம் திறந்திருக்கும், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். கடையில் கூட்டம் இருந்தால் பத்து நிமிடம் போதாது என்பதால், அம்மா தன் முறை வந்த பிறகுதான் திறக்கச் சொல்வார். ஒரு சங்கடம், ரேஷன் கடையிலும் இதே ரேகைதான். பூட்டை மறந்துவிட்டு அரிசிக்குப் போனால் அங்கேயும் மறுக்கும், கடைக்காரர் அம்மாவைத்தான் திட்டுவார்.

திறக்க ஓடிபி வேண்டும், அது அம்மா போனுக்கு வரும். நான் இங்கிருந்து கேட்டு வாங்கித் திறந்துவிடலாம்தான். ஆனால் போனில் ஓடிபி சொல்லும் பழக்கத்தை வயதானவரிடம் வளர்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை, நாளைக்கு வேறு யாரோ கேட்டாலும் சொல்லிவிடுவார். அதனால் செயலி அம்மா போனிலேயே இருக்கிறது, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் கூடப் போய்த் திறந்து கொடுக்கிறாள். அவள் ஊரில் இல்லாத நாட்களில் பணம் எடுப்பதைத் தள்ளிப் போடுகிறோம்.

அம்மாவின் ஆதாரில் என் மின்னஞ்சலைச் சேர்த்திருப்பதும் பயன்படுகிறது. ரேகை எங்கே சரிபார்க்கப்பட்டாலும் எனக்கு அஞ்சல் வரும், எம்ஆர்டியில் நின்றுகொண்டே பார்த்துவிடுவேன். சம்பந்தமில்லாத நேரத்தில் வந்தால் உடனே வீட்டுக்கு அழைப்பேன். நாம் செய்யாத பரிவர்த்தனை என்றால் வங்கிக்கு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். தவறு நம்முடையதும் வங்கியுடையதும் இல்லாமல் வேறெங்கோ நடந்திருந்தால், அந்தக் கெடுவுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. வங்கியோடு, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் ஊரிலிருந்து அழைத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. நான் அனுப்பும் மொத்தப் பணமும் முகவர் தொடும் கணக்கில் இருப்பதில்லை. சேமிப்பு வேறு வங்கியில், ஆதார் இணைக்காத கணக்கில் இருக்கிறது. அரசு உதவித்தொகை வராத கணக்கில் ஆதார் இணைப்பது கட்டாயமில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு. மாதம் பிறந்ததும் செலவுக்கு வேண்டியது மட்டும் அதிலிருந்து இதற்கு மாறும். முகவரிடம் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 10,000 ரூபாய்தான் எல்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் அம்மா பேருந்து ஏறிக் கிளைக்கே போய்விடுகிறார்.