120 என்று போட்டால் இரண்டு மணி நேரமா, இரண்டு நிமிடமா?

எங்கள் பயிற்சிக் கூடத்தில் இருக்கும் அதே ரௌட்டரை வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். நேரடியாகப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது என்னை ஓராண்டுக்கு மேல் அலைக்கழித்திருக்கிறது.

வீடியோ அழைப்பு சில நொடிகள் அறுந்து, தானே திரும்ப வரும். வைஃபை அடையாளமோ முழுதாக நிற்கும். காலையில் நன்றாக இருக்கும். கூட்டம் சேர்ந்தால் ஆரம்பித்துவிடும். கேபிளை மாற்றினேன், சேனலை மாற்றினேன், இணைய நிறுவனத்தாரைத் திட்டினேன் (அவர்கள் பாவம்).

கடைசியில் லாக்கைப் பொறுமையாகப் படித்தேன். ரௌட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைக் குறித்த காலத்துக்குக் குத்தகையாகக் கொடுக்கும்; இந்த ஏற்பாட்டின் பெயர் DHCP. ஏற்கெனவே இணைந்திருக்கும் மடிக்கணினி `DHCPREQUEST` அனுப்பித் தன் முகவரியைப் புதுப்பித்துக்கொண்டால் போதும். எங்கள் லாக்கிலோ அதே மடிக்கணினி நடுப்பகலில் `DHCPDISCOVER` அனுப்பிப் புதிதாக முகவரி தேடிக்கொண்டிருந்தது. அதன் குத்தகை முடிந்துபோயிருந்தது என்று அர்த்தம்.

குத்தகைக் காலப் பெட்டியில் 120 என்று நிரப்பியது நான்தான். நிமிடம் என்று நினைத்தேன். பெட்டியில் அலகு இல்லை. அது நொடி.

பொதுவாகக் குத்தகையில் பாதி கழிந்ததும் கருவி புதுப்பிக்கக் கேட்கும். அதாவது 60ஆவது நொடியில். பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு கழிந்ததும், அதாவது 105ஆவது நொடியில், வலையமைப்பு முழுவதையும் நோக்கிக் கேட்கும். இடையில் மறுபடி கேட்பதற்குக் குறைந்தது 60 நொடி காத்திருக்கச் சொல்கிறது DHCP-க்கான விதிமுறை ஆவணமான RFC 2131. இங்கே அந்த இடைவெளியே 45 நொடிதான். ஆக, விதிப்படி நடக்கும் கருவிக்குக் கிடைப்பவை இரண்டே வாய்ப்புகள். நெரிசலில் இரண்டும் தொலைந்தால் 120ஆவது நொடியில் முகவரியைக் கைவிட வேண்டியதுதான். அடுத்து அதே எண்ணே கிடைத்தாலும், நடந்துகொண்டிருந்த அழைப்பு அறுந்திருக்கும்.

இரண்டு மணி நேரம் என்று நான் எண்ணியதற்கும் காரணம் இருந்தது. கொடுக்க 50 முகவரிகள்தான் வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் 40 கருவிகள்தான் இருக்கும் என்றாலும், வந்துபோகிறவர்களின் கைபேசிகளையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 110 ஆகும். போனவர்களின் முகவரி சீக்கிரம் திரும்ப வேண்டுமே! ஆனால் பஞ்சம் முகவரியில் இருக்கும்போது காலத்தைக் கிள்ளுவது தவறான வைத்தியம். வரம்பை .50 முதல் .229 வரை விரித்து 180 ஆக்கினேன். ஒருநாள் கூட்டம் முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. குத்தகையை எட்டு மணி நேரமாக்கினேன். முகவரி வழங்கும் மென்பொருளான dnsmasq-இல் என்றால் இவ்வளவுதான்:

```
dhcp-range=192.168.1.50,192.168.1.229,8h
```

அங்கே `8h` என்றே எழுதலாம். என் ரௌட்டரில் 28800 என்று கணக்குப் போட்டு நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது புதுப்பிப்பு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. ரௌட்டர் ஒன்றரை நிமிடம் மறுதொடக்கம் ஆனாலும் யாருடைய முகவரியும் பறிபோவதில்லை.

ஐந்து மாதங்களாக ஒரு துண்டிப்பும் இல்லை. வேகம் நன்று, சூடாவதில்லை, தொலைவிலும் அலை எட்டுகிறது. நண்பரிடம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் "நொடி" என்று எழுத அவர்களுக்கு என்ன செலவு?