விடியுமுன் ஒரு டிபன் கடை: ஒரே கதை, இரண்டு தடங்கள்

டிபன் கடை நடத்தும் ஒருத்தி மூன்று மணி இருட்டில் எழுந்து அடுப்பு மூட்டுகிறாள்; முதல் ஆள் வந்து உட்காருவதற்குள் கதை முடிந்துவிட வேண்டும். இந்தக் கருவை எழுத உட்காருபவருக்கு இரண்டு தடங்கள் கண்ணில் படும். ஒன்று நினைவுத் தடம். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது மனம் பழைய நாட்களுக்குப் போய்வரும். மற்றொன்று வேலைத் தடம். அந்த இரண்டு மணி நேரத்தில் ஏதோ ஒன்று பிசகிவிடும், அதைச் சரிசெய்வதே கதையாகும். வாடிக்கையாளரின் கண் வழியாகச் சொல்லும் மூன்றாவது தடமும் உண்டு. ஆனால் அவர் வருவதே ஐந்து மணிக்கு என்பதால், நமக்கு வேண்டிய இருட்டை அவர் பார்த்திருக்க மாட்டார். அதை விட்டுவிடலாம்.

இரண்டுக்கும் ஒரே களத்தைக் கொடுத்துப் பார்ப்போம். கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி போகும் சாலையில், நீடாமங்கலத்துக்கு முன்னால் ஒரு பஸ் நிறுத்தம். அதை ஒட்டிக் கீற்றுக் கொட்டகையில் ஒரு கடை. மார்கழிக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை. முன்பட்டத்தில் விதைத்த வயல்களில் சம்பா அறுவடை தொடங்கியிருக்கிறது. கடைக்காரியின் பெயர் ராஜாம்பாள் என்று வைத்துக்கொள்வோம். கூடமாட வேலை செய்ய மாரி என்ற பையன்.

நினைவுத் தடத்தில் கதை இப்படித் தொடங்கும்:

"மூன்று மணிக்கு ராஜாம்பாள் எழுந்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் இரண்டு சிரட்டையைப் போட்டுப் பற்றவைத்தாள். தீ எழுந்ததும் சுவரில் மாட்டியிருந்த கணவரின் படம் தெரிந்தது. இந்தக் கல்லாப்பெட்டியை வாங்கிய அன்று அவர் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. நானே இதைப்போல் பல கதைகளை ரசித்துப் படித்திருக்கிறேன். ஆனால் ஐந்தாவது வாக்கியத்திலேயே அவள் கடையை விட்டு வெளியேறிவிட்டாள் என்பதைக் கவனியுங்கள். இனி அடுப்பு எரிவதும் தண்ணீர் கொதிப்பதும் அடுத்த நினைவுக்கு வழிவிடும் சாக்குகளாகவே இருக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. டிபன் கடையை எடுத்துவிட்டுத் தையல் கடையை வையுங்கள். சிரட்டைக்குப் பதில் மின்விளக்கு, மற்றபடி ஒரு சொல்லும் மாறாது. அப்படியானால் இது டிபன் கடையின் கதை அல்ல, கணவனை இழந்த ஒருத்தியின் கதை. அதை எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு மூன்று மணி இருட்டு தேவையில்லை என்றுதான் சொல்கிறேன்.

வேலைத் தடம் வேறு இடத்தில் தொடங்கும்:

"தவலையின் மூடியை எடுத்ததுமே ராஜாம்பாளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றிரவு விட்ட மட்டத்திலேயே மாவு நின்றது. கரண்டியை விட்டுத் தூக்கினாள். நுரை இல்லை, மாவு வழுக்கிக்கொண்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தாள். புளித்த வாசனைக்குப் பதில் ஊறிய உளுந்தின் பச்சை வாசனை."

மாவு பொங்கவில்லை. இங்கே எழுதுபவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். இட்லி மாவைப் பொங்க வைப்பவை உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் நுண்ணுயிர்கள். அவை வெளிவிடும் வாயு, உளுந்தின் பசையில் சிக்கி மாவை மேலே தூக்குகிறது. முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பம் இருந்தால் எட்டு முதல் பத்து மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சித்திரையில் அதற்கும் முன்பே பொங்கித் தவலை வழிந்துவிடும். மார்கழி இரவில் டெல்டாவில் வெப்பம் இருபது டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும்போது அதே மாவு மந்தமாகிவிடும். கடைக்காரர்களுக்கு இது தெரியாததல்ல. பனிக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே கிரைண்டரைப் போட்டுவிடுவார்கள். அரைத்த மாவைக் கையாலேயே கலக்கி, தவலையைச் சாக்கு சுற்றி, அணைந்த அடுப்பின் சூட்டில் வைப்பார்கள். பிறகு ஏன் பிசகியது? முந்தைய நாள் மாலை மின்சாரம் போய்விட்டது. வந்தபோது மணி எட்டு. அரைத்து முடிக்கும்போது ஒன்பது. மூன்று மணிக்கு அந்த மாவுக்கு வயது ஆறு மணி நேரம்தான். காரணம் இவ்வளவு சாதாரணமாக இருந்தால் போதும். மாமியார் சாபம், பக்கத்துக் கடைக்காரரின் சதி என்று எதுவும் வேண்டாம்.

இனி அவள் என்ன செய்வாள் என்பதுதான் கதை. முதல் பஸ் ஐந்து மணிக்கு. மாரி ஆப்பச் சோடாவை எடுத்து நீட்டுகிறான். போட்டால் இட்லி உப்பும். கொஞ்சம் கூடினால் மஞ்சள் தட்டும், வாயில் சோப்பு வாடை வரும். புளிப்பு மட்டும் வரவே வராது. அப்படியே தட்டில் ஊற்றினால் சப்பையாகக் கெட்டிப்பட்டு, துணியை விட்டு வர மாட்டேன் என்று ஒட்டிக்கொள்ளும். நேற்றைய புளித்த மாவு ஒரு சட்டி மிச்சமிருக்கிறது. அதைக் கொஞ்சம் புது மாவோடு கலந்து வெங்காயம் தூவினால் ஊத்தப்பம் வார்க்கலாம். ஆனால் பத்துப் பதினைந்து பேருக்கு மேல் தாங்காது. மீதிப் பேருக்கு வெண்பொங்கல்தான் வழி. வீட்டில் பச்சரிசி இருக்கிறது. மிளகு, சீரகம், இஞ்சி எல்லாம் இருக்கின்றன.

கதை இறுகும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. பொங்கலுக்குப் பாசிப்பருப்பு வேண்டும். கடையில் இருப்பது முக்கால் கிலோ, அதுவும் கடப்பா என்ற பருப்புக் குழம்புக்காக வாங்கி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் அவள் கடையில் இட்லிக்குக் கடப்பா உண்டு. அதற்கென்றே அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். நாற்பது பேருக்குப் பொங்கல் வைக்க இரண்டு கிலோ அரிசிக்கு அரை கிலோ பருப்பாவது போட வேண்டும். மீதிக் கால் கிலோவில் அத்தனை பேருக்கும் கடப்பா ஆகாது. மளிகைக் கடை திறப்பது ஒன்பது மணிக்கு. ஆக, ஒரு டப்பா பருப்புக்கு இரண்டு பேர் போட்டி: இன்று பசியோடு வரும் வழிப்போக்கனா, வாராவாரம் வரும் உள்ளூர்க்காரரா?

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. மார்கழி முழுவதும் பெருமாள் கோயிலில் விடியற்காலைப் பொங்கல் பிரசாதம் கொடுக்கிறார்கள். சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து யார் சாப்பிடுவார்கள் என்று மாரி கேட்கிறான். கோயில் வரிசையில் நிற்பவர்கள் வேறு, ஐந்து மணிக்கு லாரியிலிருந்து இறங்குபவர்கள் வேறு என்கிறாள் அவள். இந்தப் பதிலில் அவள் எத்தனை வருடம் கடை நடத்தியிருக்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. கல்லாப்பெட்டி வாங்கிய நாளின் சிரிப்பு சொல்லாததை இது சொல்கிறது.

அவள் பொங்கலைத் தேர்கிறாள். இட்லி மாவைக் கொட்டிவிடவில்லை. தவலையைக் கொடியடுப்பின் ஓரச் சூட்டுக்கு நகர்த்துகிறாள். ஏழு மணி வாக்கில் மாவுக்கு வயது பத்து மணி நேரமாகிவிடும். சூடும் கிடைத்தால் தேறிவிடும். நேராகத் தீயின் மேல் வைத்தால் அடிமாவு வெந்துவிடும் என்பதால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தொழில் தெரியாத எழுத்தாளர் அந்த மாவைக் கண்ணீரோடு சாக்கடையில் ஊற்ற வைத்திருப்பார். பொங்காத மாவு கெட்ட மாவல்ல, தாமதமான மாவு.

வேலைத் தடத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இது எளிதில் சமையல் குறிப்பாகிவிடும். அளவுகளும் நேரங்களும் வரிசையாக வந்துகொண்டிருந்தால் வாசகர் கதையை மறந்து பொங்கல் வைக்கப் போய்விடுவார். நினைவுத் தடத்திடம் இந்த இடத்தில்தான் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ஆனால் எப்போது வாங்குவது என்பதை அடுப்பு தீர்மானிக்கும். பருப்பை வறுக்கும்போதோ தேங்காய் துருவும்போதோ யாரும் இறந்தவர்களை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்; பருப்பு கருகும், கை அறுபடும். கொதிக்கும் தண்ணீரில் அரிசியையும் பருப்பையும் போட்ட பிறகு, அடிபிடிக்காமல் அவ்வப்போது கிண்டுவதைத் தவிர வேலையில்லாத ஓர் இருபது நிமிடம் கிடைக்கும். நினைவு அங்கே வரலாம்.

அந்த நினைவும் அன்றைய சிக்கலோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். அவள் இந்தக் கடைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் இப்படித்தான் ஒருநாள் மாவு பொங்காமல் போயிற்று. அன்று கணவர் சோடாவைக் கொட்டி இட்லி அவித்து விற்றார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சிலர் வரவில்லை. நான்கு வாக்கியம் போதும். மாரி நீட்டிய சோடாவை அவள் ஏன் வாங்கவில்லை என்பது தெரிந்துவிடும். கணவரும் படத்திலிருந்து இறங்கி, தவறு செய்யக்கூடிய ஓர் ஆளாகக் கதைக்குள் வந்துவிடுவார்.

முடிவிலும் இரண்டும் பிரிகின்றன. நினைவுத் தடத்தில் கிழக்கு வெளுக்கும், முதல் வாடிக்கையாளர் "என்ன ஆச்சி, டீ ஆகிவிட்டதா?" என்பார், அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எத்தனை முறை படித்துவிட்டோம்! வேலைத் தடத்தில் முதலில் வருபவர் அறுவடை இயந்திரத்தோடு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் ஓட்டுநர். பொங்கலை ஒரு பிடி பிடித்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்கிறார். அவள் கணக்கு பலித்துவிட்டது. கதையை இங்கே முடித்தால் அது வெற்றிக் கதை. இரண்டாவதாக வருபவர் பக்கத்து ஊர்ப் பெரியவர், ஞாயிறுதோறும் மிதிவண்டியில் வருபவர். உட்கார்ந்ததும், "கடப்பா இருக்கிறதல்லவா?" என்கிறார். "ஏழு மணிக்கு இட்லி ஆகிவிடும், பெரியப்பா. கடப்பா அடுத்த வாரம்தான்" என்கிறாள். அவர் காத்திருந்தாரா, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனாரா என்பதை நான் எழுத மாட்டேன். அவள் கொடுத்த விலை அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது.

ஒரு சிறு தொழில்நுட்பச் சிக்கல் மிச்சமிருக்கிறது. டெல்டாவுக்கு வெளியே உள்ள வாசகர் பலருக்குக் கடப்பாவைத் தெரியாது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, தேங்காயும் சோம்பும் பச்சைமிளகாயும் அரைத்துவிட்டுச் செய்யும் குழம்பு என்று கதைசொல்லியே நடுவில் நின்று விளக்கினால் ஓட்டம் அறுந்துவிடும். அதற்குத்தான் ஆத்தூர் ஓட்டுநர் இருக்கிறார். பெரியவர் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, "அது எப்படி இருக்கும்?" என்று அவர் மாரியைக் கேட்கட்டும். பையன் சொல்வது அரைகுறையாக இருந்தால் இன்னும் நல்லது.