முப்பது பீஸ், ஆறு லேபிள், உள்ளே ஒரே இன்ஃபில்: த்ரீடி பிரிண்ட் ஆர்டர் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

இறுதியாண்டு புராஜெக்டுக்காக ASTM D638 டைப் 1 இழுவிசை மாதிரிகளை வெளியே ஒரு கடையில் பிஎல்ஏ-வில் அடிக்கக் கொடுத்தேன். கிரிட், கைராய்டு என்று இரண்டு பேட்டர்ன், ஒவ்வொன்றிலும் உள்ளே நிரப்பும் இன்ஃபில் 20, 50, 80 சதவீதம், வகைக்கு ஐந்து. மொத்தம் 30. ஆறு கவரிலும் லேபிள் ஒட்டி அழகாகத்தான் வந்தது.

யூடிஎம் என்ற சோதனை இயந்திரத்தில் இழுத்தால் 80 சதவீத மாதிரி, 20 சதவீதத்தைவிடக் குறைந்த விசையில் உடைகிறது. கிரிப்பில் வழுக்குகிறது என்று நினைத்து ஒரு நாளை வீணாக்கினேன். அப்புறம்தான் நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் நிறுத்துப் பார்த்தேன். எல்லாமே 7 கிராமை ஒட்டியே நின்றன.

கணக்கு இதுதான். இந்த மாதிரி 3.2 மிமீ கனம். முழுதும் திடமாக இருந்தால் சுமார் 10.4 கிராம். நான் கேட்டது மூன்று சுவர், மேலும் கீழும் 0.2 மிமீ-யில் நான்கு லேயர். அந்த ஓடு மட்டுமே ஏறக்குறைய 6 கிராம். இன்ஃபில் நிரம்பும் இடம் மீதி 4.3 கிராமுக்குத்தான். அப்படியானால் 20 சதவீதம் 7 கிராம், 50 சதவீதம் 8.2, 80 சதவீதம் 9.5 வர வேண்டும். பேட்டர்ன் மாறினால் எடை பெரிதாக மாறாது. அதைத் தராசு காட்டாது. அதனால் கைராய்டு என்று எழுதியிருந்த ஒன்றின் மேல்தோலைக் கத்தியால் சீவினேன். அலை அலையாக இருக்க வேண்டிய இடத்தில் நேர்கோட்டுக் கட்டங்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், "ஃபிலமென்ட் ஈரம் இழுத்திருக்கும் தம்பி, அதான் ஸ்ட்ரெங்த் வரல" என்றார். ஈரம் 80 சதவீதத்தை 20 ஆக்குமா? நடந்தது என்ன என்று யோசித்தால் என் தப்பும் கொஞ்சம் தெரிகிறது. நான் அனுப்பியது ஒரே எஸ்டிஎல் ஃபைல். அதில் வடிவம் மட்டும்தான் இருக்கும், இன்ஃபில் இருக்காது. அமைப்பை வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தேன். அவர் ஒருமுறை ஸ்லைஸ் செய்து, அதாவது அந்த ஃபைலைப் பிரிண்டருக்கான ஜி-கோடு கட்டளைகளாக மாற்றி, முப்பதையும் அடித்துவிட்டு, கவரை மட்டும் பிரித்திருக்கிறார்.

எஸ்டிஎல் மட்டும் கொடுக்காதீர்கள். நீங்களே ஸ்லைஸ் செய்து, அமைப்பும் சேர்ந்திருக்கும் 3mf ஃபைலைக் கொடுங்கள், அவர்கள் அடித்த ஜி-கோடையும் கேட்டு வாங்குங்கள். புருசாஸ்லைசரில் எடுத்ததென்றால் ஃபைலின் கடைசிப் பகுதியில் இப்படி இருக்கும்:

```
; fill_density = 80%
; fill_pattern = gyroid
; perimeters = 3
```

சுவர் எண்ணிக்கையையும் பாருங்கள். சுவரைக் கூட்டிவிட்டால் எடையும் வலிமையும் ஏறும்; பெருமை இன்ஃபிலுக்குப் போய்விடும். வாங்கும்போதே கவருக்கு ஒன்றை எடுத்து அங்கேயே நிறுத்துவிடுங்கள்.

பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். மூன்று வாரமாகப் போனை எடுக்கவில்லை.