வெள்ளி விலை ஏறும்போது சரக்கிருப்பை எப்படி மதிப்பிடுவது: ஃபிஃபோவா, சராசரியா?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் உள்ள கொலுசுப் பட்டறைகளுக்கு மூலதனத்தில் பெரும்பங்கு வெள்ளிக் கட்டியில்தான் முடங்கியிருக்கும். வெள்ளி விலை ஒரே வருடத்தில் கிடுகிடுவென ஏறினால், மார்ச் 31 அன்று கையிலிருக்கும் கட்டிக்கு எந்த விலை போடுவது என்பதே அந்த வருட லாபத்தைத் தீர்மானித்துவிடும். வழிகள் இரண்டு. முதலில் வந்த சரக்கு முதலில் போனதாகக் கொள்வது ஃபிஃபோ. வந்த சரக்கையெல்லாம் எடைப்படி கலந்து ஒரே விலை போடுவது எடையிட்ட சராசரி. கடைசியில் வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் லிஃபோவை இந்தியக் கணக்கியல் தரநிலைகளும் ஏற்பதில்லை, வருமான வரிக்கான கணக்கீட்டுத் தரநிலையும் ஏற்பதில்லை.

ஒரு பட்டறையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். ஏப்ரல் 1 அன்று இருப்பு 10 கிலோ, கிலோ 90,000 ரூபாய். ஜூனில் 20 கிலோ வாங்குகிறார்கள், கிலோ 1,05,000. ஆகஸ்டில் 20 கிலோ கொலுசாகி விற்றுப்போகிறது. அக்டோபரில் மறுபடி 20 கிலோ, இப்போது கிலோ 1,45,000. ஜனவரியில் 15 கிலோ விற்கிறது. ஆக மொத்தம் 50 கிலோ, அடக்கம் 59,00,000 ரூபாய். விற்றது 35 கிலோ, மீதி 15 கிலோ.

ஃபிஃபோப்படி மீதி 15 கிலோவும் அக்டோபரில் வாங்கியது. இருப்பு மதிப்பு 21,75,000. விற்ற சரக்கின் அடக்கம் 37,25,000.

சராசரியில் இரண்டு வகை உண்டு. பலர் குழம்பும் இடம் இதுதான். ஒவ்வொரு கொள்முதலின்போதும் புது சராசரி எடுப்பது நகரும் சராசரி. ஜூன் கொள்முதலுக்குப் பின் 30 கிலோ, 30,00,000 ரூபாய், அதாவது கிலோ 1,00,000. ஆகஸ்டில் 20 கிலோ அந்த விலையில் போகிறது, 10 கிலோ நிற்கிறது. அக்டோபரில் 29,00,000 சேர, 30 கிலோ 39,00,000 ஆகிறது, கிலோ 1,30,000. ஜனவரி விற்பனை போக மீதி 15 கிலோவின் மதிப்பு 19,50,000. இப்படிச் செய்யாமல் வருடக் கடைசியில் ஒரே தடவை 59 லட்சத்தை 50 கிலோவால் வகுத்தால் கிலோ 1,18,000 வரும், இருப்பு 17,70,000 ஆகும். ஆகஸ்டில் விற்ற கொலுசின் தலையிலும் அக்டோபர் விலை ஏறிவிடுவதே இதற்குக் காரணம்.

35 கிலோ விற்றதில் வெள்ளிக்கு மட்டும் 48,00,000 ரூபாய் வந்தது என்று வையுங்கள். கூலி தனி.

| | ஃபிஃபோ | நகரும் சராசரி | வருடாந்திர சராசரி |
|---|---|---|---|
| இறுதி இருப்பு | 21,75,000 | 19,50,000 | 17,70,000 |
| விற்றதன் அடக்கம் | 37,25,000 | 39,50,000 | 41,30,000 |
| மொத்த லாபம் | 10,75,000 | 8,50,000 | 6,70,000 |

கட்டியும் அதே, விற்பனையும் அதே. ஃபிஃபோவுக்கும் நகரும் சராசரிக்கும் மட்டும் லாபத்தில் 2,25,000 வித்தியாசம். கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரி என்றால், செஸ் சேர்க்காமலே 67,500 ரூபாய் இந்த வருடம் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆனால் இது நிரந்தர இழப்பு இல்லை. இந்த வருட இறுதி இருப்புதான் அடுத்த வருடத் தொடக்க இருப்பு. அந்த 15 கிலோ விற்றுத் தீரும்போது ஃபிஃபோக்காரர் அதே 2,25,000 குறைவாக லாபம் காட்டுவார். விலை ஏறிக்கொண்டே போய், கையிருப்பும் குறையாமல் இருந்தால் மட்டும் இந்த வித்தியாசம் வருடா வருடம் தள்ளிக்கொண்டே போகும்.

வரியைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. விற்ற 35 கிலோவை அக்டோபர் விலையில் திரும்ப வாங்க 50,75,000 வேண்டும். விற்றுக் கைக்கு வந்ததோ 48,00,000. கணக்கில் 10,75,000 லாபம் தெரிகிறதே என்று பங்குதாரர்கள் அதை எடுத்துக்கொண்டால், மீதி 37,25,000-க்கு சுமார் 25.7 கிலோதான் கிடைக்கும். பட்டறை கிட்டத்தட்ட 9 கிலோ சுருங்கிவிடும். சராசரி முறையில் 8,50,000 எடுத்தாலும் 27.2 கிலோதான். அதாவது இரண்டுமே ஏமாற்றும், ஃபிஃபோ கொஞ்சம் கூடுதலாக. அதனால் பங்குதாரர்கள் எடுக்கும் தொகையை லாபநஷ்டக் கணக்கை மட்டும் பார்த்து முடிவுசெய்யாமல், கிலோக் கணக்கையும் வைத்து முடிவுசெய்ய வேண்டும். ஆர்டருக்கு விலை சொல்வதும் அப்படித்தான். கணக்கில் 1,30,000 என்று சராசரி நிற்பதைப் பார்த்து விலை சொன்னால், மறுநாள் கட்டி வாங்கப் போகும்போது கையைக் கடிக்கும். அன்றைய விலையில்தான் சொல்ல வேண்டும்.

ஃபிஃபோவுக்குச் சாதகமான இடம் வங்கி. பண வரவுக் கடனுக்கு மாதாமாதம் கொடுக்கும் சரக்கிருப்பு அறிக்கையில் 25 சதவீத மார்ஜின் கழித்தால், ஃபிஃபோவில் 16,31,250 வரை எடுக்கலாம், நகரும் சராசரியில் 14,62,500. இருப்புநிலைக் குறிப்பும் சந்தை விலைக்கு அருகில் நிற்கும்.

அதே ஃபிஃபோ விலை சரியும்போது முதலில் அடி வாங்கும். இருப்பை அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை, இவற்றில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். மார்ச் 31 அன்று வெள்ளி 1,35,000-க்கு இறங்கியிருந்தால் ஃபிஃபோவில் 1,50,000 ரூபாய் குறைத்து எழுத நேரும். நகரும் சராசரியில் 1,30,000 என்று நிற்பதால் தொட வேண்டாம். செய்து முடித்த பொருள் அடக்கத்துக்குக் குறையாமல் விற்கும் என்றால் மூலப்பொருளைக் குறைக்க வேண்டியதில்லை என்ற விலக்கு உண்டு. ஆனால் கொலுசின் விலை வெள்ளி விலையோடு சேர்ந்தே இறங்குவதால், இந்த விலக்கு பெரும்பாலும் கைகொடுக்காது.

பட்டறைக்கு நகரும் சராசரிதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. உருக்கும்போது ஜூன் கட்டியும் அக்டோபர் கட்டியும் ஒரே மூசையில் கலந்துவிடுகின்றன. பழைய கொலுசு மாற்றி வாங்குவதில் தினமும் சில்லறை எடைகள் வேறு வருகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனித் தொகுதியாகப் பின்தொடர்வது பெரும்பாடு. கட்டியை வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவருக்கு ஃபிஃபோவே எளிது.

பழைய வெள்ளியைச் சுத்த எடைக்கு மாற்றிய பிறகே சராசரியில் சேர்க்க வேண்டும். 8 கிலோ பழைய கொலுசு 80 சதவீதத் தரம் என்றால் 6.4 கிலோ என்றுதான் ஏற வேண்டும். 8 கிலோ என்று ஏற்றினால் கிலோ விலை பொய்யாக இறங்கும், உருக்கியபின் இருப்பும் இடிக்கும். கூலி வேலைக்காகக் கொடுத்துவைத்த பிறர் வெள்ளி உங்கள் இருப்பில் வரவே கூடாது.

டாலியில் சரக்குப் பெயரைத் திறந்து, Costing Method என்ற இடத்தில் Avg. Cost, FIFO, FIFO Perpetual ஆகியவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். ஒரு சோதனை நிறுவனம் உருவாக்கி மேலே சொன்ன ஐந்து பதிவுகளையும் போட்டால் இருப்பு 21.75, 19.50, 17.70 லட்சம் ஆகியவற்றில் எது வருகிறது என்று தெரியும். உங்கள் மென்பொருள் எந்தச் சராசரியைப் போடுகிறது என்பதற்கு அதுவே சான்று. கொள்முதல் பில்லைப் பதியாமல் விற்பனையை முதலில் பதிந்தால் இருப்பு மைனஸில் போகும், சராசரி விலை தாறுமாறாகும். இருப்பு அறிக்கையில் ஒரு நாள்கூட மைனஸ் வந்திருக்கக் கூடாது.

ஒரு முறையை எடுத்துக்கொண்டால், தகுந்த காரணம் இல்லாமல் மாற்ற முடியாது. விலை ஏறிய வருடத்தில் சராசரி, இறங்கிய வருடத்தில் ஃபிஃபோ என்று தாவினால் வரி அதிகாரி முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நியாயமான காரணத்தோடு மாற்றினாலும், மாற்றத்தால் லாபம் எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்று தொகையோடு குறிப்பில் எழுத வேண்டும்.