7 வருஷ வண்டி, 21,000 கிலோமீட்டர்: ₹57,000 போச்சு. வாங்கப் போறவங்க படிச்சிடுங்க

ஒரே மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் ரெண்டு என் முன்னாடி இருந்தது. ஒண்ணு 2018 வண்டி, 21,000 கிலோமீட்டர், 4,60,000 ரூபாய். இன்னொண்ணு 2021 வண்டி, 78,000 கிலோமீட்டர், 4,90,000 ரூபாய். முதலாவதை எடுத்தேன். வாங்கி அஞ்சாவது வாரம், இன்னிக்கு காலையில, ஒர்க்‌ஷாப்ல 57,000 ரூபாய் கட்டிட்டு வந்திருக்கேன்.

நான் வாங்கினது, பழைய கார்களைச் சோதிச்சு விற்கிற ஒரு ஆன்லைன் கம்பெனிகிட்ட. விற்பனைப் பையன் சாவியைத் திருப்பி மீட்டரைக் காட்டினான். பெடல் ரப்பர் தேயவே இல்லை, ஸ்டியரிங் பளபளப்பு ஏறலை. "ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான் ஓடுச்சு"ன்னான். சோதனை ரிப்போர்ட்டில் எல்லாத்துக்கும் பச்சை டிக். சர்வீஸ் பில் கேட்டப்போ, "ரெண்டு நாள்ல வாட்ஸ்அப்ல அனுப்பறேன்"னான். நம்பி அங்கேயே முன்பணம் போட்டேன்.

மீட்டரைத் திருப்பலை. 21,000 உண்மைதான். ஏமாத்தினது வேற இடத்துல. கிலோமீட்டர் தேய்க்கிறது கிளட்ச், பிரேக் பேட் மாதிரி உரசுற பாகங்களை. ரப்பரும் திரவமும் வண்டி நின்னாலும் கெடும். அந்த ரிப்போர்ட் பார்த்தது முதல் வகையை மட்டும்தான்.

டயரையே எடுத்துக்கோங்க. காடி ஆழம் 5 மில்லிமீட்டருக்கு மேல இருந்ததால பச்சை டிக். பக்கச் சுவர்ல முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள 1018னு நாலு எண். 2018ஆம் வருஷத்துப் பத்தாவது வாரம்னு அர்த்தம். வண்டியோட பிறந்த டயர், ரப்பர் இறுகி சன்னமா வெடிச்சிருக்கு. ஈர ரோட்ல பிரேக் பிடிச்சா வழுக்குது. நாலு டயர் 19,200.

பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். அதனாலதான் ஓடினாலும் ஓடலைன்னாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தச் சொல்றாங்க. இதுல ஏழு வருஷமா மாத்தவே இல்லைங்கிறது மெக்கானிக் அண்ணன் கணிப்பு. பின் வீல் சிலிண்டர் உள்ளே துரு பிடிச்சு, கப் ரப்பர் கிழிஞ்சு கசியுது. முன் டிஸ்க்கும் நின்னு நின்னு துருவேறி குழிவிழுந்திருக்கு. 9,500. கூலன்ட்டும் அதே கதை: அதுல இருக்கிற துருத் தடுப்பு மருந்து வருஷக் கணக்குல தீர்ந்துபோகும். வாட்டர் பம்ப்பும் ஹோஸும் சேர்த்து 7,000. லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், மவுண்ட் 16,000. பேட்டரி 5,300. ஆக 57,000 ரூபாய்.

கம்பெனிக்கு போன் போட்டேன். முதல் ஆள், "இதெல்லாம் தேய்மானம் சார், வாரண்டி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும்தான்"னான். ஓடாத வண்டின்னு சொல்லி வித்துட்டு, இப்போ தேய்மானமாம். ரெண்டாவது ஆள் டிக்கெட் நம்பர் கொடுத்தான். மூணாவது, "ஏழு வருஷ வண்டின்னு தெரிஞ்சுதானே எடுத்தீங்க?" சர்வீஸ் பில் இன்னும் வரலை. காரைத் தயாரிச்ச கம்பெனியோட சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் சொல்லிக் கேட்டா, மூணு ஃப்ரீ சர்வீஸ், அப்புறம் நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை ஆயில். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்போ ஆயில் மாத்தணும். கிட்ட கிட்ட ஓடுற வண்டியில இன்ஜின் முழுசா சூடேறாது, ஈரமும் பெட்ரோலும் ஆயில்லயே தங்கிடும். அதனால இன்ஜினை நினைச்சும் பயமா இருக்கு.

விட்ட வண்டியைப் பாருங்க. நாலு வருஷத்துல 78,000, வருஷத்துக்கு 19,500. பெரும்பாலும் ஹைவே ஓட்டம், வருஷம் தவறாம சர்வீஸ் பில், டயர் 2024ல மாத்தினது. கிளட்ச் மட்டும் இறுகியிருந்தது, அதுக்கு ஒரு 9,000 வச்சாலும் 4,99,000. நான் எடுத்தது இப்போ 5,17,000. ஆர்.சி.யும் மூணு வருஷம் முன்னாடியே முடியும்.

அதுக்காக அதிகம் ஓடின எல்லா வண்டியும் நல்லதுன்னு சொல்லலை. பில் இல்லாத 78,000, டாக்ஸியா ஓடி வெள்ளை போர்டுக்கு மாத்தினது, ரெண்டுமே வேண்டாம்.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குது. அதனால சுருக்கமா: நாலு டயர்லயும், ஸ்டெப்னியிலயும் அந்த நாலு எண்ணைப் படிங்க. சர்வீஸ் விவரத்தை முன்பணத்துக்கு முன்னாடி நீங்களே சர்வீஸ் சென்டர்ல கேட்டு வாங்குங்க. ஆறு வருஷம் தாண்டின வண்டின்னா, மீட்டர் எவ்வளவு காட்டினாலும் 50,000 ரூபாயைக் குறைச்சுப் பேசுங்க. குறைக்கலைன்னா கிளம்பிடுங்க.