உப மீட்டர் இருக்கிறது, பில்லை எப்படிப் பிரிப்பது?

கொழும்பில் ஒரே மின்சார பில்லில் மேல்வீடும் கீழ்வீடும் வாடகைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிரதான மீட்டரில் 200 யூனிட். உப மீட்டர்களில் மேலே 110, கீழே 70. மீதி 20 தண்ணீர் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும். உதாரணத்துக்கு பில் 9,000 ரூபாய், அதில் நிலையான கட்டணம் 2,000.

முறை 1: முழு பில்லும் 110:70 விகிதத்தில்.
மேல்வீடு 5,500, கீழ்வீடு 3,500.

முறை 2: நிலையான கட்டணம் போக மீதி 7,000 ரூபாயை 200 யூனிட்டால் வகுத்தால் யூனிட்டுக்கு 35 ரூபாய். அந்த வீதத்தில் அவரவர் பாவனை, பொதுப் பாவனை 700, நிலையான கட்டணம் 2,000 இரண்டும் பாதிப் பாதி.
மேல்வீடு 5,200, கீழ்வீடு 3,800.

சுலபம்: முதல் முறைக்கு ஒரே கணக்குதான்.
நியாயம்: இரண்டாவதுதான். முதல் முறையில் கீழ்வீட்டார் ஒரு மாதம் ஊருக்குப் போனால் நிலையான கட்டணமும் முழுக்க மேல்வீட்டார் தலையில் விழும்.

எந்த முறையானாலும் மூன்று மீட்டரையும் ஒரே நாளில் பாருங்கள். மீதி 20 திடீரென்று 40 ஆனால், மோட்டாரையும் பொது விளக்குகளையும் அணைத்து, இரு வீட்டு மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள். அப்போதும் பிரதான மீட்டர் ஓடினால், எங்கோ கசிவோ தனி இணைப்போ இருக்கிறது.

இரண்டு வீட்டிலும் ஆட்களும் பாவனையும் ஏறக்குறைய சமமென்றால் முதல் முறை போதும். ஒருவர் அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால் இரண்டாவது. ஆட்கள் எண்ணிக்கை வேறென்றால், மோட்டார் செலவை மட்டும் தலைக்கணக்கில் பிரியுங்கள்.